பூட்டும் சாவியும் ஒரே மெயிலில்: ஒரு பிடிஎஃப் இணைப்பின் நிகழ்வு ஆய்வு

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வருமான வரிக் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஜூலை மாதம் வந்தால் தினமும் இருபது முப்பது மெயில் போகும். எல்லாம் ஒரே மாதிரி மெயில்தான்: கணக்கைத் தயார் செய்திருக்கிறோம், இணைப்பைத் திறந்து பாருங்கள், சரி என்றால் சொல்லுங்கள், தாக்கல் செய்துவிடுகிறோம். இணைப்பு பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப். பல வருடமாக ஒரே வாசகத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். 2024 ஜூலையில் அந்த வாசகத்தை ஒரு வாடிக்கையாளர் படித்த விதம், அதில் இருந்த ஓட்டைகளை எல்லாம் மூன்றே நாளில் காட்டிக்கொடுத்தது.

அவர் கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பென்ஷன், இரண்டு வங்கிகளில் வைப்புத்தொகை, ஒரு சின்ன வீட்டு வாடகை, அவ்வளவுதான் வருமானம். அதுவரை மகன் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வெளிநாடு போய்விட்டதால் அந்த வருடம் முதன்முறையாக டீச்சரே நேரடியாக எங்களோடு பேச ஆரம்பித்திருந்தார். ஜூலை 22, திங்கட்கிழமை மதியம், அவருக்கு நான் அனுப்பிய மெயில் இது:

> அன்புடையீர், வணக்கம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கான தங்கள் வருமான வரிக் கணக்கீடு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. பாதுகாப்புக் காரணங்களுக்காக இக்கோப்பு கடவுச்சொல்லால் பாதுகாக்கப்பட்டுள்ளது. கடவுச்சொல்: தங்கள் பான் எண் (சிறிய எழுத்தில்) மற்றும் பிறந்த தேதி. உதாரணம்: `abcde1234f01011960`. சரிபார்த்து உடன் தெரிவிக்கவும்.

இணைப்பின் பெயர், அவருடைய பான் எண்ணில் தொடங்கி `_AY2024-25_Computation.pdf` என்று முடிந்தது. எங்கள் மென்பொருள் அப்படித்தான் பெயர் வைக்கும். நாங்களும் மாற்றியதில்லை.

செவ்வாய் முழுக்கப் பதில் இல்லை. தனிநபர் கணக்குக்குக் கடைசி நாள் ஜூலை 31. புதன் காலை நானே கூப்பிட்டேன். "தம்பி, உங்க ஃபைல் தொறக்கவே மாட்டேங்குது. ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன், தப்புன்னு வந்துச்சு. மூணாவது தடவ போட்டா லாக் ஆயிடுமோன்னு விட்டுட்டேன்" என்றார். அப்புறம், போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "அப்பறம் நம்ம ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு அனுப்பி வெச்சேன், அவரு ஒரு நிமிஷத்துல தொறந்து பிரின்ட் போட்டுக் குடுத்துட்டாரு."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும்தான் இந்த மெயிலை உட்கார்ந்து ஆராய வேண்டும் என்று தோன்றியது. யாருக்குத் திறக்க வேண்டுமோ அவருக்குத் திறக்கவில்லை. யாருக்குத் திறக்கக் கூடாதோ அவருக்கு ஒரு நிமிடத்தில் திறந்துவிட்டது.

டீச்சருக்கு ஏன் திறக்கவில்லை

மாலையில் பொறுமையாகப் பேசி, அவர் என்ன செய்தார் என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேன். மெயிலைப் பிரின்ட் எடுத்து வைத்திருந்தார். கேள்வி இருந்த இடங்களில் சிவப்புப் பேனாவால் கோடு வேறு போட்டிருந்தார்.

முதல் தடவை அவர் அடித்தது, நான் உதாரணமாகக் கொடுத்த `abcde1234f01011960` என்பதையே. சிரிக்க ஒன்றுமில்லை. பாஸ்வேர்டு என்று எழுதி, அதன் பக்கத்தில் பாஸ்வேர்டு மாதிரி ஒன்றை வைத்தால், அவசரத்தில் படிப்பவர் கண்ணுக்கு அதுதான் பாஸ்வேர்டு. 'உதாரணம்' என்ற சொல்லுக்கு அந்த இடத்தில் அவ்வளவு பலம் இல்லை.

இரண்டாவது தடவை தன் பான் அட்டையைப் பார்த்து அடித்தார். அட்டையில் எல்லாம் கேப்பிடல் எழுத்து. 'சிறிய எழுத்தில்' என்று நான் எழுதியதை, 'பொடியாக எழுத வேண்டும் போல' என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். "போன்ல பொடியா எப்படிப்பா எழுதறது, அதனால அப்படியே போட்டேன்" என்றார். தமிழ் எழுத்தில் பெரிது சிறிது என்று இரண்டு வடிவம் கிடையாது. ஆங்கிலத்து விஷயத்தை நான் தமிழ்ப்படுத்தியதில் பொருள் வேறாகிப்போனது. 'ஸ்மால் லெட்டர்' என்று எழுதியிருந்தால் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் இருந்தவருக்குப் புரியாமல் போயிருக்காது.

அது சரியாக இருந்திருந்தாலும் திறந்திருக்காது. அவர் போட்ட பிறந்த தேதி அவருடைய உண்மையான பிறந்த தேதி. பான் அட்டையில் இருப்பது பள்ளியில் சேர்க்கும்போது எழுதிய தேதி. அந்தத் தலைமுறையில் இப்படி இரண்டு தேதி வைத்திருக்கும் ஆட்கள் எத்தனை பேர் என்று எங்கள் அலுவலகத்து ஃபைல்களைப் பார்த்தாலே தெரியும். 'பிறந்த தேதி' என்று மொட்டையாக எழுதியது என் தவறு.

மூன்றாவது தடவை அவர் முயலவில்லை. இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. ஏடிஎம்மில் மூன்று முறை தவறாக அடித்தால் கார்டு முடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வங்கி ஆப் என்றாலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் அவர் பிடிஎஃப்பும் முடங்கிவிடும் என்று பயந்தார். பிடிஎஃப் அப்படி முடங்காது. கார்டுக்குப் பின்னால் வங்கியின் கணினி உட்கார்ந்து தவறுகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. பிடிஎஃப்புக்குப் பின்னால் யாரும் இல்லை. ஃபைல் தனியாக உங்கள் போனில் கிடக்கிறது. நூறு முறை தவறாக அடித்தாலும் நூற்றியோராவது முறையும் அதே பெட்டி வந்து நிற்கும். இதை ஒரே வரியில் மெயிலில் சொல்லியிருந்தால் அவர் தயங்காமல் மறுபடி முயன்றிருப்பார்.

கடைக்காரருக்கு ஏன் திறந்தது

தவறுகளை யாரும் எண்ணுவதில்லை என்ற அதே குணம்தான் இந்தப் பக்கம் நம்மைக் கவிழ்க்கிறது.

டீச்சர் மெயிலை அப்படியே கடையின் மெயிலுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டார். இணைப்பு போனது, கூடவே பாஸ்வேர்டு எப்படி உருவாகிறது என்ற என் விளக்கமும் போனது. பான் எண் ஃபைல் பெயரிலேயே இருக்கிறது. மிச்சம் பிறந்த தேதி ஒன்றுதான். கடைக்காரர் நாள் முழுக்க ஆதார், பான், பட்டா என்று இறக்கிக் கொடுப்பவர். "சர்ட்டிபிகேட் தேதி சொல்லுங்க டீச்சர்" என்று சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். சொன்னதும் திறந்துவிட்டது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, உதவிதான் செய்தார்.

ஆனால் தேதியைக் கேட்கக்கூட வேண்டியதில்லை என்பதைக் கணக்குப் போட்டால் தெரியும். நூறு வருடத்துக்கு மொத்தம் 36,525 நாட்கள். பான் எண் கையில் இருந்தால், முயன்று பார்க்க வேண்டிய பாஸ்வேர்டுகள் அவ்வளவுதான். மனிதருக்கு அது மலை. பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கும் நிரலுக்கு டீ குடித்து வரும் நேரம்கூட வேண்டாம். தடுத்து நிறுத்தவும் எண்ணிக்கை வைக்கவும் யாரும் இல்லை.

இந்த முறையை நாங்கள் எங்கிருந்து எடுத்தோம்? வருமான வரித் துறையிடமிருந்துதான். ஆண்டுத் தகவல் அறிக்கையை இறக்கினால் பான் எண் ஸ்மால் லெட்டரில், அதோடு பிறந்த தேதி எட்டு இலக்கத்தில். 26ஏஎஸ் படிவத்துக்குப் பிறந்த தேதி மட்டும். துறைக்கு அதில் ஒரு நியாயம் உண்டு. கோடிக்கணக்கான பேரில் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுத் தனியாக ஒரு எண்ணைச் சொல்ல அதனால் முடியாது. இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் அது பயன்படுத்த முடியும். எங்களுக்கு அந்த நெருக்கடியே இல்லை. டீச்சரின் போன் நம்பர் இருக்கிறது, குரல் தெரியும், வாரம் ஒரு முறை பேசுகிறோம். இருந்தும் பழக்க தோஷத்தில் அரசு அலுவலகத்தின் குறையை நாங்களும் சுமந்துகொண்டிருந்தோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'பாதுகாப்புக் காரணங்களுக்காக' என்ற சொற்றொடர் எதையும் விளக்கவில்லை. மோசடி மெயில்களிலும் வார்த்தை மாறாமல் அதே சொற்றொடர் வருகிறது. பாஸ்வேர்டு போட்ட இணைப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று மெயில் சேவையின் வைரஸ் சோதனையாலும் பார்க்க முடியாது. அதனாலேயே கெட்டவர்களுக்கும் அந்த உத்தி பிடிக்கும். 'இதைத் திறக்கலாமா' என்ற சந்தேகம் வாடிக்கையாளருக்கு வருவது நியாயம்தான். சந்தேகம் வந்தால் எங்கே கேட்டுத் தெளிவது என்று மெயில் சொல்ல வேண்டும். அதுவும் மெயிலின் அடியில் ஒரு நம்பரைப் போட்டு 'இதற்குக் கூப்பிடுங்கள்' என்றால் போதாது. மோசடிக்காரரும் தன் நம்பரைத்தான் போடுவார்.

புதிதாக எழுதியது

முதலில் பாஸ்வேர்டை மாற்றினோம். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துப் பார்க்கலாம் என்று ஆடிட்டர் சொன்னார். நினைவில் நிற்கும், நீளமாகவும் இருக்கும். ஆனால் போனில் சொல்லும்போது 'முருங்கை'யை ஒருவர் `murungai` என்பார், இன்னொருவர் `murunga` என்பார். எழுத்துக்கூட்டுவதிலேயே பத்து நிமிடம் போகும். அதனால் வெறும் இலக்கங்கள் என்று முடிவு செய்தோம். போன் நம்பர் சொல்வது போல் சொல்லலாம், எழுதிக்கொள்ளலாம், கேப்பிடல் தொல்லையும் இல்லை.

முதலில் நாலு நாலாகப் பதினாறு இலக்கம் என்று வைத்தேன். டீச்சரிடம் சொல்லத் தொடங்கியதுமே நிறுத்திவிட்டார். "இது ஏடிஎம் கார்டு நம்பர் மாதிரியே இருக்கே தம்பி" என்றார். சரியான பிடி. கார்டு நம்பரைப் போலத் தெரியும் ஒன்றை ஒரு பெட்டியில் அடிக்கச் சொல்லிப் பழக்கினால், நாளைக்கு வேறொருவர் உண்மையான கார்டு நம்பரைக் கேட்கும்போது அவருக்கு உறைக்காது. ஆகவே ஐந்து ஐந்தாக மூன்று கொத்து, மொத்தம் பதினைந்து இலக்கம். கணினி தாறுமாறாகப் பொறுக்கிக் கொடுத்த எண், யாருடைய தேதியும் வண்டி நம்பரும் இல்லை. நொடிக்கு ஒரு லட்சம் முறை முயன்று பார்க்கும் கணினி என்று வைத்துக்கொண்டாலும், எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க 317 வருடம் ஆகும்.

அடுத்து பூட்டு. எங்கள் மென்பொருள் பிடிஎஃப்பை என்ன முறையில் பூட்டுகிறது என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை. `qpdf` என்ற இலவசக் கருவியால் பார்த்தபோது `R = 3` என்று வந்தது. பழைய முறை அது. `R = 6` என்பது இப்போதைய முறை. அதில் ஒவ்வொரு பாஸ்வேர்டைச் சோதிக்கவும் கணினி கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதால் வரிசையாக முயல்பவரின் வேகம் குறையும். இப்போது அந்தக் கருவியிலேயே பூட்டுகிறோம்:

```
qpdf --encrypt USERPASS OWNERPASS 256 -- draft.pdf kanakku-2024.pdf
qpdf --password=USERPASS --show-encryption kanakku-2024.pdf
```

இங்கே இரண்டு பாஸ்வேர்டு இருப்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவது திறப்பதற்கு. இரண்டாவது, பிரின்ட் எடுக்கலாமா, திருத்தலாமா என்ற அனுமதிகளை மாற்றுவதற்கு. முன்பு ஒருமுறை எங்கள் அலுவலகத்திலேயே ஒரு பையன் இரண்டாவதை மட்டும் போட்டு அனுப்பிவிட்டான். ஃபைல் எதையும் கேட்காமல் திறந்துகொண்டது. மெயிலோ பாஸ்வேர்டைப் பற்றி அரைப் பக்கம் விளக்கியது. வாடிக்கையாளர் குழம்பிப்போய்ப் போன் செய்தார். இந்த 256 முறையில் முதலாவதை மட்டும் போட்டு இரண்டாவதை வெறுமையாக விட்டாலும் அதே கதிதான், பாஸ்வேர்டு இல்லாமலே திறக்கும். அதனால் இரண்டையும் வெவ்வேறாகப் போட்டு, அனுப்பும் முன் அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு போனில் திறந்து பார்க்கிறோம். பெட்டி வந்து கேட்டால்தான் அனுப்புவது.

பூட்டு ஃபைலின் உள்ளே இருப்பதை மட்டும் மறைக்கும். ஃபைல் பெயர், மெயிலின் தலைப்பு, மெயிலில் எழுதியது எல்லாம் வெளியே தெரியும். அதனால் பான் எண்ணை ஃபைல் பெயரிலிருந்து எடுத்தோம். 'உங்களுக்கு இத்தனை ரூபாய் ரீஃபண்டு வரும்' என்று மெயிலில் எழுதும் வழக்கத்தையும் விட்டோம். தொகையை வெளியே எழுதிவிட்டு ஃபைலைப் பூட்டி என்ன பயன்?

ஜூலை 25, வியாழன் காலை டீச்சரைக் கூப்பிட்டு எண்ணைச் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டினார். பிறகு அனுப்பிய மெயில்:

> தலைப்பு: நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டிய கணக்கு (காலையில் போனில் பேசியது)
>
> வணக்கம் டீச்சர்.
>
> இன்று காலை போனில் சொன்ன வருமான வரிக் கணக்கை இணைத்திருக்கிறேன். ஃபைல் பெயர் `kanakku-2024.pdf`, மூன்று பக்கம்.
>
> இதில் உங்கள் பான் எண், வங்கிக் கணக்கு எண், வருமானம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. மெயில் வேறு யார் கைக்காவது போனாலும் அவர்கள் படிக்க முடியாதபடி ஃபைலைப் பூட்டியிருக்கிறோம்.
>
> இணைப்பைத் தொட்டால் பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வரும். காலையில் நீங்கள் நோட்டில் எழுதிய 15 இலக்கங்களை இடைவெளி விடாமல் அடியுங்கள். தப்பாகிவிட்டால் பயமில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். ஃபைல் லாக் ஆகாது.
>
> அந்த எண்ணைத் தவிர வேறு எதையும் இந்த ஃபைல் கேட்காது. மெயில் பாஸ்வேர்டு, ஓடிபி, கார்டு நம்பர் என்று ஏதாவது கேட்டு ஒரு பக்கம் திறந்தால் அது எங்களுடையது இல்லை. மூடிவிட்டு, நீங்கள் வழக்கமாக எங்களைக் கூப்பிடும் நம்பரில் கூப்பிடுங்கள்.
>
> பிரின்ட் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நாங்களே எடுத்துக் கூரியரில் அனுப்புகிறோம். கடைக்கு ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.
>
> இரண்டாம் பக்கத்தில் உள்ள வங்கி வட்டியையும், மூன்றாம் பக்கத்தில் ரீஃபண்டு வர வேண்டிய கணக்கு எண்ணையும் பார்த்துவிட்டு, சனிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எண் மெயிலில் எங்கும் இல்லை என்பதுதான் பெரிய வித்தியாசம். 'பாஸ்வேர்டு அடுத்த மெயிலில் வரும்' என்று சிலர் இரண்டாகப் பிரித்து அனுப்புவார்கள். அது பாதி வேலைதான். தவறான முகவரிக்குப் போன மெயில் என்றால் இரண்டும் சேர்ந்தே போகும். யாராவது அவருடைய மெயில் பெட்டிக்குள் நுழைந்துவிட்டாலும் இரண்டும் அங்கேயே கிடக்கும். வேறு வழியில் போனால்தான் அது சாவி. முடிந்தவரை குரலில் சொல்கிறோம். போனே எடுக்காத வாடிக்கையாளருக்கு மட்டும் எஸ்எம்எஸ்.

இதில் செலவு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு எண் என்றால் ஜூலையில் எங்களால் தாக்குப்பிடிக்க முடியாது. ஆளுக்கு ஒரு எண், ஒரு வருடத்துக்கு அதுவே என்று வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலே இப்போது பத்திரமாக வைக்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. அது ஆடிட்டரின் அறையில் பூட்டிய அலமாரியில் ஒரு பதிவேடாக இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் எண்ணைத் தொலைத்துவிட்டால் பழைய ஃபைலை மீட்கும் குறுக்கு வழி கிடையாது. புது எண் போட்டுப் புதிதாகப் பூட்டி அனுப்ப வேண்டியதுதான்.

முதல் மெயிலை மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை. பாஸ்வேர்டை மாற்றுவது என்பது புதுப் பிரதியைப் பூட்டுவதுதான். ஏற்கெனவே போன பிரதி பழைய பாஸ்வேர்டிலேயே திறக்கும். டீச்சர் கடைக்காரரிடம் பேசினார். அவர் மெயிலையும், இறக்கி வைத்த ஃபைலையும் அழித்துவிட்டதாகச் சொன்னார். ஜிமெயிலில் அழித்தது முப்பது நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், அதையும் காலி செய்யச் சொல்லுங்கள் என்றேன். செய்துவிட்டேன் என்றாராம். அதற்கு மேல் கேட்க எங்களுக்கு வழியில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே டீச்சர் கூப்பிட்டார். முதல் தடவை ஓர் இலக்கம் விட்டுப்போய், இரண்டாவது தடவை திறந்துவிட்டதாம். "வட்டி சரியா இருக்கு. ஆனா ரீஃபண்டுக்குப் போட்டிருக்கிற அக்கவுண்ட நான் போன வருசமே குளோஸ் பண்ணிட்டேனே தம்பி" என்றார். மாற்றினோம். சனிக்கிழமை மதியம் தாக்கல் செய்து, அன்று மாலையே ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பையும் முடித்தோம். ஓடிபியைச் சொல்லும் முன்னால், நான் வழக்கமான நம்பரிலிருந்துதான் பேசுகிறேனா என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.